பத்து வாரச் சலுகையும் பறிபோகும் வேலையும்

பெங்களூருவின் கோரமங்கலாவை ஒட்டிக் கிடக்கிறது ஈஜிபுரா. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஒருபுறம். பல ஆண்டுகள் முடியாமல் தூண்களாகவே நின்ற மேம்பாலம் மறுபுறம். இடையில் ஒற்றை அறை வாடகை வீடுகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் உழைப்பாளி மக்கள் நெருக்கியடித்து வாழ்கின்றனர். 2013 சனவரியில் இங்கிருந்த நலிந்த பிரிவினர் குடியிருப்பைப் புல்டோசர்கள் தரைமட்டமாக்கின. குழந்தைகளோடு நடைபாதையில் தங்கிய குடும்பங்களை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் விடியற்காலையில் இங்கிருந்து புறப்படும் பெண்கள்தாம் கோரமங்கலாவின் அலுவலகங்களைத் துடைக்கிறார்கள், வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார்கள், கடைகளில் நாள் முழுதும் நின்று துணி விரித்துக் காட்டுகிறார்கள்.

இப்பெண்களில் ஒருவர் கருவுற்றால் அவருடைய வேலை என்னவாகும்? மகப்பேறு உரிமை என்றதும் நம் தோழர்களும்கூட இருபத்தாறு வார விடுப்பைப் பற்றியே பேசுகிறோம். விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஏழெட்டு மாதங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வேலை பறிபோவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். கோரமங்கலாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுப் பணி. சம்பளம் தருவது ஒப்பந்ததாரர். வேலை வாங்குவது கட்டடத்தை நடத்தும் நிறுவனம். காலை ஏழு மணிக்கு நான்கு தளங்களின் கழிப்பறைகள், பிறகு தண்ணீர் நிறைந்த வாளியோடு தரை துடைத்தல், மாலையில் குப்பைப் பைகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்குதல். அவருக்குப் பிரசவ நாள் டிசம்பர் 10 என்று மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் கணக்குப்படி கருத்தரிப்பு மார்ச் 5இலிருந்து எண்ணப்படுகிறது. மே மாதத்தில் வாந்தி, தலைச்சுற்றல். கழிப்பறை அமிலத்தின் நெடியில் நிற்க முடியவில்லை. மேற்பார்வையாளரிடம் வேறு வேலை கேட்கிறார். சட்டம் அவருக்கு என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், 4ஆம் பிரிவு. கர்ப்பிணிப் பெண் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையையோ நெடுநேரம் நிற்க நேரும் வேலையையோ கருவின் வளர்ச்சிக்கு ஊறு செய்யக்கூடிய வேலையையோ முதலாளி அவரிடம் வாங்கக்கூடாது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அடுத்த உட்பிரிவைப் படித்தால்தான் குட்டு வெளிப்படும். இந்தத் தடை கர்ப்பகாலம் முழுவதற்கும் உரியதன்று. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்கள், அந்த ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதம்: இவ்வளவே. அந்த ஆறு வாரங்களிலும் அவர் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வரும் நாட்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்போம். டிசம்பர் 10க்கு ஆறு வாரம் முந்தினால் அக்டோபர் 29. அதற்கு ஒரு மாதம் முந்தினால் செப்டம்பர் 29. ஆக, இலகுவான வேலை கேட்கும் உரிமை அவருக்குப் பிறக்கும் நாள் செப்டம்பர் 29. அன்று அவர் முப்பதாவது வாரத்தை எட்டிக்கொண்டிருப்பார். வயிறு முன்தள்ளி, குனிய முடியாமல், ஊரே பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு சட்டத்துக்கும் தெரிய வருகிறது! மே மாதத்தில் அமில நெடியில் மயங்கியபோது அவருக்கு இந்தப் பிரிவின்கீழ் எந்த உரிமையும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2017இல் இச்சட்டம் திருத்தப்பட்டு விடுப்பு பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. பிரசவத்துக்கு முன்பாக எட்டு வாரம் வரை எடுக்கலாம் என்றானது. 4ஆம் பிரிவின் பழைய கணக்கை மட்டும் யாரும் தொடவில்லை. நம் தொழிலாளி எட்டு வாரத்தையும் முன்பே எடுத்தால் அக்டோபர் 15 முதல் அவர் வீட்டில் இருப்பார். அப்போது இலகு வேலைக்கான காலம் செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 14 வரை. பதினாறு நாட்கள்! உண்மையில் பெரும்பாலான பெண்கள் முன்பே விடுப்பு எடுப்பதில்லை. எடுத்தால் குழந்தையோடு இருக்கும் நாட்கள் குறையுமே என்று ஒன்பதாம் மாதம் வரை வேலைக்கு வருகிறார்கள். வரும்வரை வாளியும் அதேதான், மாடிப்படியும் அதேதான்.

இதில் மருத்துவத்தின் பெயரால் மிகைப்படுத்தவும் கூடாது. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு வாரங்களில் நிகழ்கின்றன. அவற்றில் மிகப் பல கருவிலேயே உள்ள குறைபாட்டால் நேர்பவை, வேலையால் அல்ல. எனவே 'வாளி தூக்கினாள், அதனால் கலைந்தது' என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட முடியாது. ஆனால் மயக்கமும் வாந்தியும் உச்சத்தில் இருப்பது அந்த மாதங்களில்தான். அப்போது ஒரு பெண் வழுக்கும் தரையில் நிற்பதையும் அமில நெடியைச் சுவாசிப்பதையும் தவிர்க்கக் கேட்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

சட்டத்தில் 'கேட்டுக்கொண்டால்' என்ற சொல் இருப்பது தற்செயலன்று. மொழிபெயர்ப்புப் பணியில் இத்தகைய சொற்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறோம்: இதற்கு இரண்டு முகம். ஒன்று காப்பு. பெண் கேட்காமலே 'உனக்கு நல்லது' என்று அவரை ஒதுக்கும் உரிமை முதலாளிக்கு இல்லை. அந்தக் காப்பு இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை 2022 சனவரியில் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பத்தோடு வரும் பெண்களைத் தற்காலிகமாகத் 'தகுதியற்றவர்' எனக் கருதி, பிரசவத்துக்குப் பின் நான்கு மாதத்துக்குள் பணியில் சேரலாம் என்று பாரத ஸ்டேட் வங்கி வழிகாட்டுதல் வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அம்மாத இறுதியிலேயே அதை நிறுத்தி வைத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வாசற்கதவைச் சாத்தும் வேலை அது. மற்றொரு முகம் பொறி. கேட்ட அன்றே அவர் 'வேலைக்கு ஆகாதவர்' பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். கேட்பதற்கும் வேலை போவதற்கும் இடையில் சட்டம் சுவர் எழுப்பவில்லையென்றால் கேட்கும் உரிமை வெறும் வலைதான்.

அந்தச் சுவர் இருக்கிறதா? 12ஆம் பிரிவு இருக்கிறது. சட்டப்படி விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்பின்போதோ அதன் காரணமாகவோ வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம். அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். 13ஆம் பிரிவின்படி, இலகு வேலை கொடுத்தார்கள் என்பதற்காக மட்டும் கூலியைக் குறைக்கக்கூடாது. இவை நல்ல பிரிவுகள். தொழிற்சங்கங்களின் போராட்டத்தில் கிடைத்தவை. ஆனால் கூர்ந்து பாருங்கள். வேலைநீக்கம் சட்டவிரோதமாவது அவர் விடுப்பில் இருக்கும்போது. விடுப்புக்கு முன், கர்ப்பகாலத்தில் வேலையில் இருக்கும்போது நீக்கினால்? அதற்குச் சட்டம் கூறும் பதில் வேறு: நீக்கினாலும் மகப்பேற்றுப் பணம் அவருக்கு வந்தாக வேண்டும். கடுமையான ஒழுங்கீனம் என்று முதலாளி எழுத்தில் குறித்தால் அதுவும் இல்லை. நீக்க உத்தரவு கைக்குக் கிடைத்த அறுபது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதாவது பணம் காக்கப்படுகிறது. வேலை காக்கப்படுவதாக அந்த வரியில் எங்கும் இல்லை.

நம் துப்புரவுத் தொழிலாளிக்கு இந்த அரைகுறைப் பாதுகாப்பும் நெடுங்காலம் எட்டாமலே இருந்தது. அவருடைய ஒப்பந்ததாரர் ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டுகிறார். ஈ.எஸ்.ஐ. சட்டம் நடைமுறையில் உள்ள நிறுவனங்களை 1961 சட்டம் தன் 2ஆம் பிரிவிலேயே விலக்கி வைத்தது. மகப்பேற்றுப் பணம் ஈ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து கிடைத்துவிடுகிறது என்பதுதான் அதன் நியாயம். ஆனால் பணத்தோடு சேர்ந்து 4ஆம் பிரிவின் இலகு வேலையும் போய்விட்டது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் அதற்கு நிகரான பிரிவு இல்லை. பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் பெண்களுக்கும், அலுவலகம் துடைக்கும் பெண்களுக்கும், இலகு வேலை என்பது மேற்பார்வையாளரின் இரக்கத்தைப் பொறுத்ததாக அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இரக்கம் எப்படி வேலை செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆடை ஆலையில் தையல்காரருக்கு உட்கார்ந்த வேலை, உதவியாளருக்கு நின்ற வேலை. 'இலகு வேலை' என்று தையல்காரரை இயந்திரத்திலிருந்து எடுத்துச் சரிபார்க்கும் மேசைக்கோ நூல் வெட்டவோ அனுப்பினால், உற்பத்தி இலக்கின் நெருக்கடி குறையும், உண்மை. ஆனால் கால்கள் வீங்கும்படி எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மகப்பேறு முடிந்து திரும்பும்போது அவருடைய இயந்திரத்தில் வேறொருவர் இருப்பார். அவர் உதவியாளராகவே நீடிப்பார். உதவியாளரின் குறைந்தபட்சக் கூலி தையல்காரரின் கூலியைவிடக் கீழ். யாரும் அவரைப் பதவியிறக்கம் செய்ததாக ஒரு தாள்கூட இராது. எனவே வேலை மாற்றம் என்றால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: உடலுக்கு உண்மையிலேயே இலகுவா, கூலியும் தரமும் பழையபடியா, திரும்பி வர இடம் இருக்கிறதா. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தார்கள். கேரளம் 2018இலேயே செய்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் வேண்டியிருக்கிறது என்பது வெட்கக்கேடுதான். என்றாலும் துணிக்கடையில் நிற்கும் கர்ப்பிணிக்கு அந்த நாற்காலி பத்து வாரக் கணக்குப் பார்க்காமல் உதவும்.

ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 73ஆம் பிரிவு இருக்கிறது. நம் சங்கங்களிலேயே பலர் அறியாத பிரிவு. மகப்பேற்றுப் பயன் பெறும் காலத்திலும், கர்ப்பத்தினால் ஏற்பட்ட நோய் என முறைப்படி சான்றளிக்கப்பட்டு வேலைக்கு வராதிருக்கும் காலத்திலும் ஒரு தொழிலாளியை நீக்கவோ, பதவியிறக்கவோ, வேறு வகையில் தண்டிக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் கொடுக்கப்படும் நீக்க அறிவிப்பு செல்லாது. ஆக, இங்கே கவசம் மருத்துவச் சான்றில் இருக்கிறது. மயக்கம் வந்த அன்று சொல்லாமல் இரண்டு நாள் வீட்டில் படுத்துக்கொண்டால் 'தகவலின்றி வராமை'. அதே இரண்டு நாளுக்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ இந்திராநகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ கர்ப்பத்தினால் ஏற்பட்ட நோய் எனக் குறிப்பிட்டுச் சான்று வாங்கினால் நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு. ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கத் தயங்கும் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாளின் மதிப்பு என்ன என்பதை யாரேனும் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் தொழிலாளிக்குத் திரும்புவோம். அவரை யாரும் நீக்கவில்லை. ஆகஸ்டு 31உடன் கட்டடத்தின் துப்புரவு ஒப்பந்தம் முடிகிறது. செப்டம்பர் முதல் புதிய ஒப்பந்ததாரர். பழைய ஆட்கள் எல்லோருடைய பெயரும் புதிய பட்டியலில் இருக்கின்றன, ஆறாம் மாதத்தில் இருக்கும் இவர் பெயரைத் தவிர. 'குழந்தை பிறந்த பிறகு வாம்மா, பார்க்கலாம்' என்கிறார் மேற்பார்வையாளர், உண்மையான பரிவோடுகூட. நீக்க உத்தரவு இல்லை. மேல்முறையீடு செய்ய ஒன்றுமில்லை. விடுப்பில் இல்லை, எனவே 12ஆம் பிரிவும் இல்லை, 73ஆம் பிரிவும் இல்லை. பழையவர் 'என் ஒப்பந்தம் முடிந்தது' என்பார், புதியவர் 'இவரை நான் நியமிக்கவே இல்லை' என்பார், கட்டடத்தை நடத்துபவர் 'இவர் எங்கள் ஊழியரே அல்ல' என்பார். மூவரும் சட்டப்படி பேசுகிறார்கள்!

இங்கே ஒன்றைப் பலரும் அறியாமல் இழந்துவிடுகிறார்கள். வேலை போனாலும் அவருடைய ஈ.எஸ்.ஐ. மகப்பேற்றுப் பணம் போகவில்லை. பிரசவம் நிகழும் பயன் காலத்துக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் எழுபது நாட்களுக்குச் சந்தா உரியதாக இருந்தால் போதும். சென்ற ஆண்டு முதலே வேலை பார்த்து ஆகஸ்டு வரை உழைத்தவர் அந்த எழுபதை எப்போதோ தாண்டியிருப்பார். 'வேலையை விட்டவளுக்கு ஏது பணம்' என்று யார் சொன்னாலும் நம்பாமல் இருபத்தாறு வாரத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தப் பணத்தைக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ. கழகம், ஒப்பந்ததாரர் அல்லர். அவருக்கு இவருடைய பிரசவத்தால் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவில்லை. ஆக, 'மகப்பேற்றுச் செலவு தாங்க முடியவில்லை, அதனால்தான் பெண்களை எடுக்கத் தயங்குகிறோம்' என்ற முதலாளிகளின் புலம்பல் இங்கே பொருந்தாது. செலவே இல்லாத இடத்திலும் நீக்குகிறார்கள் என்றால், ஒரு நாளும் தடைபடாத உடலை மட்டுமே கூலிக்கு வாங்க மூலதனம் விரும்புகிறது என்றுதான் பொருள். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே நிலைமை வேறு: 1961 சட்டத்தின்கீழ் இருபத்தாறு வாரச் சம்பளமும் முதலாளியின் கையிலிருந்து வர வேண்டும். 2017 திருத்தம் வாரங்களை இரட்டிப்பாக்கியபோது அந்தச் சுமையைச் சமூகக் காப்பீட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. விளைவு, சிறு நிறுவனங்கள் திருமணமான பெண்ணை நேர்காணலிலேயே கழித்துக் கட்டுகின்றன.

நீதிமன்றங்கள் சில கதவுகளைத் திறந்திருக்கின்றன. தில்லி மாநகராட்சியில் சாலை போடவும் குழி தோண்டவும் தினக்கூலிப் பட்டியலில் வைக்கப்பட்ட பெண்களுக்கு மகப்பேற்றுப் பயன் மறுக்கப்பட்டது. வழக்கை எடுத்தது தொழிற்சங்கம். தொழில் தீர்ப்பாயம் 1996இல் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாநகராட்சி விடாமல் மேலே மேலே போயிற்று. 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் மாநகராட்சியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. கர்ப்பம் முற்றிய நிலையில் பெண்ணிடம் கடும் உழைப்பை வாங்கக்கூடாது என்று 4ஆம் பிரிவின் நோக்கத்தையே அடிப்படையாக வைத்துப் பேசிய தீர்ப்பு அது. நிரந்தரம், தினக்கூலி என்ற பாகுபாட்டை ஏற்கவில்லை. அடுத்து 2023 ஆகஸ்டு. தில்லி ஜனக்புரி மருத்துவமனையில் ஒப்பந்த மருத்துவர் ஒருவர் 2017 சூன் 1 முதல் விடுப்புக் கேட்டார். ஒப்பந்தம் சூன் 11இல் முடிகிறது என்று பதினொரு நாளுக்கு மட்டும் பயன் தர முன்வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் இருபத்தாறு வாரத்துக்கும் பயன் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். வரவேற்கிறோம். ஆனால் ஆறு ஆண்டுகள் வழக்காடிய அந்த மருத்துவருக்குக் கிடைத்ததும் பணம்தான், பணி அல்ல.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டங்களின் குப்பைகளைக் களைந்து நவீனமாக்கிவிட்டதாகப் பெருமை பேசுகிறார்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 59ஆம் பிரிவைத் திறந்து பார்த்தால், ஆறு வாரம், அதற்கு முந்தைய ஒரு மாதம் என்று 1961இன் கணக்கே ஏறக்குறைய அதே சொற்களில் அமர்ந்திருக்கிறது. வேலைநீக்கம் பற்றிய 68ஆம் பிரிவும் அவ்வாறே. அடுத்தவர் வீட்டில் வேலை செய்யும் ஈஜிபுராப் பெண்களுக்கு இந்த மகப்பேற்று அத்தியாயத்தில் இடமில்லை. கடையில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்ப்பவர்களுக்கும் இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கர்ப்பகாலம் முழுதும், விடுப்பிலும், திரும்பி வந்தபின் நாட்டுச் சட்டம் குறிக்கும் காலம் வரையிலும் பணிநீக்கத்துக்குத் தடை. நீக்கத்துக்குக் காரணம் கர்ப்பம் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. திரும்பும்போது அதே பணி, அல்லது அதே கூலியில் நிகரான பணி. இந்தியா இன்றுவரை இதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறினாலே நம் தொழிலாளியின் கதை மாறிவிடும்: எல்லோரையும் எடுத்துவிட்டு இவரை மட்டும் ஏன் விட்டாய் என்ற கேள்விக்குப் புதிய ஒப்பந்ததாரர் பதில் சொல்லியாக வேண்டும்.

எனவே இடதுசாரித் தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே, பெண் கேட்டால், கூலியும் தரமும் குறையாமல் வேலை மாற்றம். மாற்று வேலை இல்லையெனில் சம்பளத்தோடு ஓய்வு. கர்ப்பகாலம் முழுதும் நீக்கத் தடை, மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளிக்கு. ஒப்பந்ததாரர் மாறினாலும் முதன்மை முதலாளியே பொறுப்பு. மகப்பேற்றுப் பணம் முழுவதும் சமூகக் காப்பீட்டிலிருந்து, வீட்டுவேலைத் தொழிலாளர்க்கும் சேர்த்து.

இவை சட்டமாகும்வரை கிளைத் தோழர்கள் ஒரு சிறு வேலையை உடனே செய்யலாம். கருவுற்ற தொழிலாளியோடு அமர்ந்து மனுவை எழுத்தில் எழுதுங்கள். அதில் பிரசவ நாள், மனுக் கொடுத்த நாள், இப்போதுள்ள பதவி, இப்போதுள்ள கூலி ஆகிய நான்கும் இருக்கட்டும். மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். ஒப்பந்ததாரருக்கு ஒன்று, முதன்மை நிறுவனத்துக்கு ஒன்று எனப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். வெற்றுத்தாளிலும் 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்ற தாளிலும் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்துக்கு முன்பே முதன்மை நிறுவனத்தின் வாசலில் சங்கம் நிற்க வேண்டியிருக்கும்.